சிறிய உடல்வாகு, குறைந்த கலோரி: எதற்குக் கீழே இறங்கக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாரும் 1,200 கலோரிக்குக் கீழே போகாதே என்கிறார்கள். நான் 150 செ.மீ. உயரம்தான். எனக்கும் அதே கணக்கா?

ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் உடம்புக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. எடை குறைப்புக்கான அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்களில் 1998-ல் பெண்களுக்கு 1,000 முதல் 1,200, ஆண்களுக்கு 1,200 முதல் 1,600 என்று இருந்தது. 2013-ல் பெண்களுக்கு 1,200 முதல் 1,500, ஆண்களுக்கு 1,500 முதல் 1,800 என்று ஏற்றினார்கள். இரண்டுமே பொதுவான வரம்புகள். 150 செ.மீ. பெண்ணுக்கும் 175 செ.மீ. பெண்ணுக்கும் ஒரே எண்தான் அதில் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, "நான் சின்ன ஆள், அப்படியானால் 800 போதும்" என்று முடிவு செய்பவர்கள் நிறைய. சிறிய உடம்புக்குத் தேவை குறைவு என்பது சரி. ஆனால் இழப்பதற்கு இருக்கும் கொழுப்பும் தசையும் கூடக் குறைவு. அதனால்தான் பெரிய உடம்பைவிடச் சிறிய உடம்புக்குத்தான் 800 அதிகம் வலிக்கும்.

என் எண்ணை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். 38 வயதுப் பெண், 150 செ.மீ., 52 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, மாலையில் அரைமணி நடை. இவருக்கு நான்கு கிலோ குறைய வேண்டும்.

முதலில், நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி. இதற்கு மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. பெண்களுக்கு அது (10 × கிலோ) + (6.25 × செ.மீ.) − (5 × வயது) − 161. ஆண்களுக்குக் கடைசியில் 161-ஐக் கழிக்காமல் 5-ஐக் கூட்ட வேண்டும். இவருக்கு 520 + 937.5 − 190 − 161, அதாவது சுமார் 1,100. இதில் பெரும்பகுதி இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை ஓடுவதற்கான செலவுதான். நடமாட்டத்துக்காக இதை 1.4-ஆல் பெருக்கினால் ஒரு நாள் மொத்தச் செலவு சுமார் 1,550.

அடுத்து, இரண்டாவது கோணத்தில் ஒரு சரிபார்ப்பு. உடம்பில் கொழுப்பைக் கழித்தால் மிஞ்சும் எடையில் கிலோவுக்கு 30 கலோரியாவது, உடற்பயிற்சிச் செலவு போக, மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பெண்களில் மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்புகளே ஒருசில நாட்களில் தடுமாறத் தொடங்குவதை 2003-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. இது எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தும் கோடு அல்ல, ஆனாலும் பயனுள்ள எச்சரிக்கைப் பலகை. நம் உதாரணப் பெண்ணுக்கு 32 சதவீதம் கொழுப்பு என்று வைத்தால் மீதி சுமார் 35 கிலோ. 35 × 30 = 1,050. நடைக்கு ஒரு 80 சேர்த்தால் 1,130.

இரண்டு வழியிலும் 1,100-ஐ ஒட்டியே எண் வருகிறது. ஆனால் சூத்திரமே ஒருவருக்கு 10 சதவீதம் வரை முன்னே பின்னே போகக் கூடும். அதோடு, 1,200-க்குக் கீழே சாப்பிட்டால் இரும்பு, கால்சியம், புரதம் எல்லாம் தேவையான அளவு உணவிலிருந்தே கிடைப்பது சிரமம். எனவே இவருடைய கீழ்வரம்பு 1,200, தினசரிக் குறி 1,300 என்பேன். கீழ்வரம்பையே தினசரிக் குறியாக வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கீழ்வரம்பு என்பது பசி குறைவாக இருந்த நாளில்கூடத் தாண்டி இறங்கக் கூடாத கோடு.

ஆண்களுக்கு?

158 செ.மீ., 54 கிலோ, 40 வயது ஆணுக்கு ஓய்வுச் செலவு சுமார் 1,330 வரும். அவருக்கு 1,400-க்குக் கீழே இறங்குவது வீண் வேலை.

1,300-ல் மாதம் ஒரு கிலோதானே குறையும்? 800-ல் மூன்று கிலோ குறையுமே?

காகிதத்தில் குறையும். 1,550-லிருந்து 1,300-ஐக் கழித்தால் தினம் 250 பற்றாக்குறை, மாதம் 7,500. ஒரு கிலோ உடற்கொழுப்பு தோராயமாக 7,700 கலோரி. 800-ல் பற்றாக்குறை 750, எனவே மூன்று கிலோ என்று கணக்கு சொல்லும்.

அந்த மூன்று கிலோவும் எதிலிருந்து வருகிறது என்பதைக் கணக்கு சொல்லாது. முதல் வாரம் எடை மெஷின் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிக் காட்டும். அது பெரும்பாலும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரை இருப்பும், அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும்தான். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் போகும். திரும்பச் சரியாகச் சாப்பிடத் தொடங்கினால் சில நாட்களிலேயே அது திரும்பி வரும்.

தண்ணீர் போன பிறகுதான் உண்மையான சிக்கல். உடம்பில் கொழுப்பு குறைவாக இருக்கிறவர், அதே பற்றாக்குறையில், கொழுப்பு அதிகம் உள்ளவரைவிடத் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசுவை அதிக விகிதத்தில் இழக்கிறார். இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். 100 கிலோ உள்ளவர் தினம் 750 குறைத்தால் அவருடைய கொழுப்புக் கிடங்கு பெரிது, வலிக்காமல் கொடுத்துவிடும். 52 கிலோப் பெண்ணிடம் இருப்பது 16, 17 கிலோ கொழுப்பு. அவ்வளவையும் உடம்பு விட்டுக்கொடுக்காது, கொடுக்கவும் கூடாது.

குறைவாகச் சாப்பிட்டால் தசை ஏன் கரைய வேண்டும்? கொழுப்புதானே முதலில் எரியும்?

கொழுப்பு எரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூளை பெரும்பாலும் சர்க்கரையில் ஓடுகிறது, ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம். கொழுப்பு அமிலங்களைச் சர்க்கரையாக மாற்ற உடம்பால் முடியாது. சாப்பாட்டிலிருந்து வராத சர்க்கரையைக் கல்லீரல் புதிதாகச் செய்யும்போது தசைப் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களையும் எடுக்கிறது. நாட்கள் போகப்போக மூளை கொழுப்பிலிருந்து உருவாகும் கீட்டோன்களுக்குப் பழகிக்கொள்வதால் இந்தச் செலவு குறையும், ஆனால் முற்றாக நிற்காது.

இன்னொரு காரணமும் உண்டு. தசையைப் புதுப்பிப்பது சக்தி செலவாகும் வேலை. கையில் சக்தி இல்லை என்று தெரிந்தால் உடம்பு தசை கட்டுவதைக் குறைக்கும், சிதைப்பதைத் தொடரும். அதனால் 800 கலோரி பிளானில் புரதத்தை மட்டும் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு பகுதி எரிபொருளாகவே போய்விடும். உதவி செய்யும், ஆனால் காப்பாற்றாது.

இங்கே ஒரு மிகைப்படுத்தலையும் சொல்லிவிடுகிறேன். "தசை போனால் மெட்டபாலிசமே நின்றுவிடும்" என்று பயமுறுத்துவார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் செலவழிப்பது தினம் சுமார் 13 கலோரிதான். தசையிழப்பின் நஷ்டம் அந்த 13 கலோரியில் இல்லை. மாடிப்படி, கனமான பை, தரையிலிருந்து எழுவது என்று எல்லாம் கடினமாகிவிடுவதில் இருக்கிறது. எடை திரும்ப ஏறும்போது கொழுப்பு முந்திக்கொண்டு வரும், தசை மெதுவாகத்தான் வரும். அதனால் இரண்டு மூன்று தடவை இப்படி இறக்கி ஏற்றினால், அதே 52 கிலோவில் முன்பைவிடக் கொழுப்பு அதிகமுள்ள, பலம் குறைந்த உடம்போடு நிற்பீர்கள்.

தசை போகிறது என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டு மெஷின் காட்டும் தசைச் சதவீதத்தை நம்ப வேண்டாம், அது தண்ணீருக்கு ஏற்ப ஆடும். இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள். ஒன்று, இடுப்பளவு. எடை இறங்கியும் இரண்டு மூன்று வாரமாக இடுப்பு அசையாமல் இருந்தால் கொழுப்பைத் தவிர வேறு ஏதோ போகிறது. இரண்டு, ஒரு நாற்காலியில் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது. வாரம் ஒரு நாள், அதே நாற்காலி, அதே நேரம். எடை குறையும்போது இந்த எண்ணிக்கை ஏற வேண்டும், சுமை குறைகிறதல்லவா. இறங்கினால் பிளானை மாற்றுங்கள்.

டயட் தொடங்கி ஒரு மாதத்தில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன், காரணமில்லாமல் அழுகை வருகிறது. இது மன உறுதி இல்லாததாலா?

இல்லை. இதற்கு மிக விரிவான ஆதாரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிடைத்தது. 1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிய 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். தாமாக முன்வந்தவர்கள், மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது தினம் சுமார் 1,570 கலோரி. எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. அதோடு எரிச்சல், சோர்வு, மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, எப்போதும் குளிர், பாலுணர்வு மங்குதல் எல்லாம் வந்தன. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சாப்பாட்டைத் தண்ணீர் கலந்து நீட்டி நீட்டிச் சாப்பிட்டார்கள், எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள்.

"1,570-ஆ? அது நிறையவே" என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய தேவை சுமார் 3,200. அதில் பாதியைத்தான் கொடுத்தார்கள். நம் உதாரணப் பெண்ணின் 1,550-ல் பாதி எவ்வளவு? 775. அதாவது அவர் எடுத்துக்கொள்ள நினைக்கும் 800 பிளான், விகிதத்தில் பார்த்தால், அந்தப் பட்டினிச் சோதனைக்குச் சமம். அவர்கள் வாரம் 35 கிலோமீட்டர் நடந்தார்கள், சோதனை ஆறு மாதம் நீடித்தது, எனவே இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனம் எங்கே போகும் என்பது புரிகிறது.

உடம்புக்குள் நடப்பதும் தெரிந்ததுதான். கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோன் வேகமாகச் சரிகிறது, எடை இறங்குவதைவிட முன்னதாகவே. மூளை அதைப் பஞ்சம் என்று படித்துக்கொண்டு பசியைத் தூக்குகிறது, தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவத்தைக் குறைக்கிறது. கை கால் சில்லென்று இருப்பதும் மந்தமும் அங்கிருந்து வருகின்றன. தூக்கமும் கெடும். அதிகாலை மூன்று நான்கு மணிக்கு விழித்து, அடுத்த வேளைச் சாப்பாட்டை மனதுக்குள் கூட்டிக் கழிப்பவர்கள் உண்டு. அப்படி விழித்துக் கிடந்தால் அன்று பகலில் யாரிடம் பொறுமையாகப் பேச முடியும்?

வாரம் முழுக்க 900-ல் இருந்தும் எடை அசையவில்லை. என் உடம்பு எதையும் எரிப்பதே இல்லையா?

எரிக்கிறது. வழக்கமாக மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

முதலாவது, வாரக் கடைசி. ஐந்து நாள் 900, இரண்டு நாள் கட்டவிழ்ந்து 2,200 என்றால் வாரத்துக்கு 8,900. ஏழால் வகுத்தால் தினம் 1,270. தினமும் நிம்மதியாக 1,300 சாப்பிட்டிருந்தால் வந்திருக்கும் அதே பலன். ஐந்து நாள் வேதனையும் இரண்டு நாள் குற்ற உணர்ச்சியும் மட்டும் மிச்சம். இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. 900-ல் இருந்த உடம்பு அப்படித்தான் திருப்பிக் கேட்கும்.

இரண்டாவது, அளவு. இது சிறிய உடம்புக்காரர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றும்போது ஒரு கரண்டி என்று நினைத்தது இரண்டரையாக விழும். பெரிய உடம்புக்காரருக்கு 180 கலோரிப் பிழை பெரிதல்ல. 250 பற்றாக்குறையில் ஓடுகிறவருக்கு அது முக்கால்வாசியைத் தின்றுவிடும். அவர் கண்ணுக்கோ "1,300 சாப்பிட்டும் குறையவில்லை" என்றே தெரியும், உடனே 900-க்கு இறங்குவார். இறங்குவதற்கு முன் இரண்டு வாரம் எண்ணெய், கொட்டைகள், இனிப்புப் பானங்களை மட்டுமாவது சமையலறைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள். பலருக்குக் கணக்கு அங்கேயே நேராகும்.

மூன்றாவது, அசைவு. சாப்பாடு குறைந்தால் நீங்கள் அறியாமலே குறைவாக அசைவீர்கள். எழுந்து போய் எடுக்க வேண்டியதை இன்னொருவரிடம் கேட்பது, நின்று பேசியவர் உட்கார்ந்து பேசுவது, காலை ஆட்டிக்கொண்டிருந்தது நின்றுபோவது. ஒரு நாளில் இது 100, 200 கலோரிகூட வரும். நடைக்கணக்குக் கருவி இருந்தால் டயட்டுக்கு முந்தைய வார எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தேங்கும் தண்ணீர் ஒரு கிலோவைக்கூட மறைத்துவிடும். எனவே வாரத்துக்கு வாரம் ஒப்பிடாமல், மாதச் சுழற்சியின் அதே நாளோடு அதே நாளை ஒப்பிடுங்கள்.

அப்படியானால் 1,300-ல் தசையைக் காப்பது எப்படி?

புரதம் கிலோவுக்கு 1.4 கிராம் கணக்கில் பாருங்கள். 52 கிலோவுக்கு சுமார் 73 கிராம், கலோரியில் அது 290. மூன்று வேளைக்கும் பிரித்து, வேளைக்கு 20–25 கிராம். சிறுநீரக நோய் இருந்தால் இந்த எண்ணை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியம், வாரம் இரண்டு மூன்று நாள் சுமைப் பயிற்சி: உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது. கடைசி இரண்டு மூன்று முறை கஷ்டமாக இருக்கும் அளவுக்குச் சுமை வேண்டும். கைக்கு இலேசான ஒரு கிலோவை ஐம்பது முறை ஆட்டினால் தசைக்குப் பெரிதாக எதுவும் உறைக்காது. பயிற்சி நாளில் 100 கலோரி கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, சிறிய உடம்புக்கு அதுதான் பல நேரம் புத்திசாலித்தனமானது: சாப்பாட்டைக் குறைப்பதைவிடச் செலவைக் கூட்டுவது. தினசரி நடையை அரைமணி கூட்டினால் செலவு 1,630-ஐத் தொடும். அப்போது 1,380 சாப்பிட்டாலும் அதே பலன், பசி குறைவு.

மருத்துவமனைகளில் 800 கலோரி டயட்டே கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள், ஆனால் யாருக்கு என்று பாருங்கள். உடல் பருமன் அதிகமுள்ளவர்களுக்கு, அல்லது அதோடு இரண்டாம் வகை நீரிழிவும் உள்ளவர்களுக்கு. சில மாதங்கள் மட்டும், சத்துகள் சேர்த்துத் தயாரித்த பானங்களோடு, ரத்தப் பரிசோதனை, மருந்து மாற்றம், பித்தப்பைக் கல் வருகிறதா என்ற கண்காணிப்பு எல்லாவற்றோடும். வேகமாக எடை குறைவது பித்தப்பைக் கல்லுக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று. நான்கு கிலோ குறைக்க நினைக்கும் 52 கிலோக்காரருக்கு அந்த ஏற்பாடு பொருந்தவே பொருந்தாது.

யார் கலோரி குறைக்கவே கூடாது?

கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழானவர்கள், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள், உடல் நிறை குறியீடு ஏற்கெனவே 18.5-க்குக் கீழ் உள்ளவர்கள். 150 செ.மீ. உயரத்தில் இது சுமார் 41.6 கிலோ. தாய்ப்பால் கொடுப்பவர்களும், இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. 65 தாண்டியவர்களுக்கு இழந்த தசை திரும்புவது கடினம், அவர்கள் சுமைப் பயிற்சியில்லாமல் எடை குறைக்க இறங்க வேண்டாம்.

எப்போது நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

மயக்கம், நெஞ்சு படபடப்பு, மாதவிடாய் மூன்று மாதம் தவறுவது, சாப்பிட்டதை வெளியேற்றத் தோன்றுவது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே. கொத்தாக முடி கொட்டுவதும் ஒரு அடையாளம், ஆனால் அது கடும் டயட்டுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால் பலர் ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு வாரமாக 800-ல் இருக்கிறேன். எப்படி மேலே வருவது? ஏற்றினால் குண்டாகிவிடுவேனே?

ஒழுங்காக மூன்று வேளை கொஞ்சமாகவாவது சாப்பிட்டு வந்திருந்தால், தாமதிக்காமல் 1,200-க்கு வந்துவிடலாம். அடுத்த வாரம் 1,300. அதற்கு மேல் இரண்டு மூன்று வாரம் எடையைக் குறைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு 1,500-ஐ ஒட்டிச் சாப்பிடுங்கள். தூக்கமும் கைச்சூடும் திரும்புகின்றனவா என்று பாருங்கள். பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்களும், மிகவும் மெலிந்துவிட்டவர்களும் மட்டும் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. திடீரென்று உணவு கூடும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அபாயமாக இறங்கும், மருத்துவமனை மேற்பார்வை வேண்டும்.

முதல் பத்து நாளில் எடை ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். ஒன்றரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், 1,500-ல் இருக்கும் நீங்கள் அப்படிச் சாப்பிடவில்லை. ஏறியது கிளைக்கோஜனும் தண்ணீரும், குடலில் இருக்கும் சாப்பாடும். அந்தப் பத்து நாள் மெஷினில் ஏறாமல் இடுப்பை மட்டும் அளந்து வாருங்கள்.